ராணி, ஆறு, நாலு: மூன்று சீட்டு போக்கரில் ஆடுவதும் விலகுவதும்

லாஸ் வேகாஸ் காசினோ ஒன்றில் அரைவட்ட மேசை. நீங்கள் 10 டாலர் பந்தயம் வைத்திருக்கிறீர்கள். கைக்கு மூன்று சீட்டு வருகிறது: இஸ்பேட் ராணி, ஆட்டின் ஆறு, கிளாவர் நாலு. ஜோடி இல்லை, வரிசை இல்லை, மூன்றும் மூன்று இனம். டீலரின் மூன்று சீட்டும் கவிழ்ந்து கிடக்கின்றன. இன்னொரு 10 டாலர் வைத்து ஆடலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு முதலில் வைத்த பணத்தை இழக்கலாம். எது சரி?

ஆட வேண்டும். இதே கையில் நாலுக்குப் பதில் மூணு இருந்தால் விலக வேண்டும். மூன்று சீட்டு போக்கரில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டிய விளையாட்டு நுட்பம் இந்த ஒரு கோடு மட்டும்தான். ராணி-6-4 அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் ஆடு, அதற்குக் கீழே என்றால் விலகு. ஆனால் இதை மனப்பாடம் செய்தவர்களில் பலர், மேசையில் உட்கார்ந்ததும் கை நடுங்கி வேறு மாதிரி ஆடிவிடுகிறார்கள். கோடு ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்று புரிந்தவருக்கு அந்தத் தடுமாற்றம் வராது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

இந்த விளையாட்டை 1994-இல் உருவாக்கியவர் டெரெக் வெப் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் வெகுகாலமாக ஆடப்பட்டுவந்த பிராக் என்ற மூன்று சீட்டு ஆட்டம் அவருக்கு அடிப்படை. முதலில் ஏற்றுக்கொண்டது மிசிசிப்பி மாநிலம் கல்ஃப்போர்ட்டில் இருந்த ஒரு காசினோ. பிராக்கின் இந்திய உறவுதான் நம் ஊரில் மூணு சீட்டு என்றும் தீன் பத்தி என்றும் ஆடப்படுவது. அதை ஆடிப் பழகியவர்களுக்கு இங்கே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதியில் இரண்டு பொறிகள் உண்டு, அவற்றைப் போகிற வழியில் சொல்கிறேன்.

மேசையில் என்ன நடக்கிறது

ஒவ்வொருவர் முன்னாலும் துணியில் மூன்று இடங்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று முன்பந்தயம், மேசையில் ஆன்ட்டி என்பார்கள். அதன் கீழே ஆட்டப் பந்தயம், அதாவது பிளே. தனியாக மேலே ஒரு வட்டம், அது பேர் பிளஸ். சீட்டு போடும் முன்பே முன்பந்தயத்தை வைக்க வேண்டும். விருப்பம் இருந்தால் பேர் பிளஸிலும் வைக்கலாம். பிறகு உங்களுக்கு மூன்று, டீலருக்கு மூன்று சீட்டு. உங்கள் எதிரி டீலர் மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன வைத்திருக்கிறார் என்பதற்கும் உங்கள் வெற்றி தோல்விக்கும் தொடர்பு கிடையாது. தீன் பத்தியைப் போல மிரட்டிப் பந்தயம் ஏற்றி எதிராளியை விலக வைக்க வழியே இல்லை.

சீட்டைப் பார்த்த பிறகு ஒரே ஒரு முடிவு. ஆடுவதென்றால் முன்பந்தயத்துக்குச் சரிசமமான தொகையை ஆட்டப் பந்தயத்தில் வைக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விலகுவதென்றால் முன்பந்தயம் போய்விடும்.

எல்லோரும் முடிவு செய்ததும் டீலர் தன் சீட்டைத் திருப்புவார். இங்கேதான் இந்த விளையாட்டின் தனித்தன்மை. டீலரின் கை ராணி தலைச்சீட்டாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் அவர் ஆட்டத்துக்குத் தகுதி பெறுகிறார். ஜாக்கியோ அதற்குக் கீழோ தலைச்சீட்டாக இருந்து, ஜோடி போன்ற எதுவும் இல்லையென்றால் தகுதி இல்லை. தகுதி இல்லாவிட்டால் உங்கள் முன்பந்தயத்துக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ஆட்டப் பந்தயம் அப்படியே திரும்பி வரும். அவர் தகுதி பெற்று நீங்கள் ஜெயித்தால் இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று. அவர் ஜெயித்தால் இரண்டும் போச்சு. சமமென்றால் இரண்டும் உங்களிடமே திரும்பும்.

கைகளின் வரிசையைப் பெரியதிலிருந்து சொன்னால்: ஒரே இனத்தில் வரிசையாக மூன்று, அடுத்து ஒரே எண்ணில் மூன்று, அடுத்து வரிசை, அடுத்து ஒரே இனம், அடுத்து ஜோடி, கடைசியாக வெறும் தலைச்சீட்டு. தீன் பத்தி ஆடியவர்களுக்கு முதல் பொறி இங்கே இருக்கிறது. அங்கே மூன்று ஏஸ், மூன்று ராஜா போன்ற கைதான் உச்சம். இங்கே ஒரே இன வரிசை அதைத் தாண்டிவிடும். இரண்டாவது பொறி ஏஸ்-2-3. தீன் பத்தியில் அது மிக உயர்ந்த வரிசைகளில் ஒன்று. இங்கே அதுதான் இருக்கும் வரிசைகளிலேயே சிறியது.

ஐந்து சீட்டு போக்கர் தெரிந்தவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். அங்கே ஒரே இனக் கை வரிசையை வெல்லும், இங்கே வரிசைதான் பெரியது. காரணம் எளிது. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் உள்ளன. அவற்றில் வரிசை 720, ஒரே இனம் 1,096. அரிதாக வருவது பெரியது என்ற நியாயம்தான். இந்த எண்கள் பேர் பிளஸுக்கு வரும்போது மறுபடி உதவும்.

விலகினால் எவ்வளவு, ஆடினால் எவ்வளவு

முன்பந்தயம் 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அது ஏற்கனவே மேசையில் இருக்கிறது. விலகினால் இழப்பு 10 டாலர், உறுதியாக. ஆகவே ஆடுவதா என்ற கேள்வியை "இந்தக் கை ஜெயிக்குமா?" என்று கேட்கக் கூடாது. "ஆடினால் சராசரியாக 10 டாலரைவிடக் குறைவாக இழப்பேனா?" என்றுதான் கேட்க வேண்டும். தோற்க வாய்ப்பு அதிகமுள்ள கைகளையும் ஆட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். பலர் தடுமாறும் இடமும் இதுதான்.

முதலில் ராணிக்குக் கீழே உள்ள கைகளை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஜாக்கி-10-8 இருக்கிறது, இனங்கள் வேறு வேறு. பார்க்க மோசமில்லாத கை போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். டீலர் தகுதி பெற்றால் அவரிடம் குறைந்தது ராணி இருக்கும், உங்கள் ஜாக்கி தோற்றுவிடும். தகுதி பெறாவிட்டால் யார் கை பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை, உங்களுக்கு 10 டாலர் வந்துவிடும். ஆக உங்கள் ஜாக்கி, பத்து, எட்டு எதுவுமே எந்தச் சீட்டையும் வெல்லப் போவதில்லை. நீங்கள் பந்தயம் கட்டுவது உங்கள் கையின்மீது அல்ல, டீலர் தகுதி பெறாமல் போவார் என்பதன்மீது.

அப்படியானால் தகுதி பெறாமல் போக எவ்வளவு வாய்ப்பு இருந்தால் ஆடலாம்? தகுதி பெறாவிட்டால் 10 டாலர் லாபம், பெற்றால் 20 டாலர் நட்டம். மூன்று ஆட்டத்தில் ஒன்றில் அவர் தகுதி பெறாமல் போனால் 10 வந்து 40 போகும். மொத்த நட்டம் 30, ஆட்டத்துக்குப் பத்து. விலகினாலும் அதே பத்துதான். ஆகவே வாசல் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஆடலாம், கீழே என்றால் கூடாது.

முழுக் கட்டிலிருந்து பார்த்தால் டீலர் தகுதி பெறாத கைகள் 22,100-இல் 6,720, அதாவது 30.4 சதவீதம். மூன்றில் ஒன்றுக்கு ஏற்கனவே கொஞ்சம் குறைவு. நீங்கள் கையில் சின்னச் சீட்டுகளைப் பிடித்திருந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் டீலரைத் தகுதியற்றவராக்கும் சீட்டுகளில் மூன்று உங்களிடம் மாட்டிக்கொண்டுவிட்டன. ஜாக்கி-10-8 கையில் இருக்கும்போது மீதி 49 சீட்டில் டீலருக்கு வரக்கூடிய கைகள் 18,424. எண்ணிப் பார்த்தால் தகுதி பெறாதவை 5,277, சுமார் 28.6 சதவீதம். ஆடினால் சராசரி இழப்பு 11 டாலர் 41 சென்ட். விலகினால் 10. ஆகவே விலகுவதுதான் சரி.

இதே எண்ணிக்கையை 5-3-2 கைக்கும் போட்டுப் பார்த்தேன், இனங்கள் வேறு வேறாக வைத்து. அதற்கும் 5,277-தான் வந்தது. ஒரு கைகூடக் கூடவில்லை, குறையவில்லை. 5-3-2 இந்த விளையாட்டின் மிகச் சிறிய கை. ஜாக்கி-10-8-ஐ "ஏறக்குறைய நல்ல கை" என்று நினைத்து ஆடுபவர், 5-3-2-வை ஆடுபவருக்குச் சமமாகப் பணத்தை விடுகிறார். ராணிக்குக் கீழே உள்ள எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் விலகுங்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ராணி வந்ததும் என்ன மாறுகிறது

இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று, நீங்கள் ஒரு ராணியைப் பிடித்துவிட்டதால் டீலருக்கு மூன்று ராணிதான் மிச்சம். அவர் தகுதி பெறுவது சற்றுக் கடினமாகிறது. இரண்டு, இப்போது உங்கள் சீட்டு முதல்முறையாக வேலை செய்கிறது. டீலர் சின்ன ராணிக் கையோடு தகுதி பெற்றால் உங்களால் அவரை வெல்ல முடியும்.

நாம் தொடங்கிய கைக்கு வருவோம்: இஸ்பேட் ராணி, ஆட்டின் 6, கிளாவர் 4. டீலருக்கு வரக்கூடிய 18,424 கைகளில் தகுதி பெறாதவை 5,758. முன்பு 5,277 இருந்தது, இப்போது கூடியிருக்கிறது. சதவீதமாக 31.25. இன்னும் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை, ஆகவே இது மட்டும் போதாது. டீலர் தகுதி பெற்றும் உங்களிடம் தோற்கும் கைகள் எவை? ராணி-6-3, ராணி-6-2, ராணி-5-4, ராணி-5-3, ராணி-5-2, ராணி-4-3, ராணி-4-2, ராணி-3-2. இந்த எட்டு வகையும் சேர்ந்து 305 கைகள். சமமாகும் ராணி-6-4 கைகள் 26. மீதி 12,335 கைகளில் டீலர் ஜெயிக்கிறார்.

கணக்கை எளிதாக்க, முன்பந்தயம் 1 டாலர் என்று வைத்து எல்லாக் கையையும் ஒரு தடவை ஆடியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தகுதி பெறாத 5,758 கைகளில் ஒவ்வொரு டாலர் வரவு. 305 கைகளில் இரண்டிரண்டு டாலர், மொத்தம் 610 வரவு. சமமானவற்றில் எதுவுமில்லை. 12,335 கைகளில் இரண்டிரண்டு டாலர் போய் 24,670 செலவு. நிகர நட்டம் 18,302 டாலர். எல்லாவற்றிலும் விலகியிருந்தால் நட்டம் 18,424. ஆடியதால் 122 டாலர் மிச்சம். ஒரு கைக்குப் பார்த்தால் மிகச் சிறிய மிச்சம். 10 டாலர் முன்பந்தயத்தில் 10-க்குப் பதில் 9.93 இழப்பு, அவ்வளவுதான். ஆனாலும் கோட்டின் சரியான பக்கம்.

இப்போது கிளாவர் நாலை எடுத்துவிட்டு கிளாவர் மூணை வையுங்கள். தகுதி பெறாத கைகள் 5,747 ஆகக் குறைகின்றன. நீங்கள் வெல்லும் ராணிக் கைகள் 271. சமம் 26. டீலர் ஜெயிப்பது 12,380. அதே முறையில் கூட்டினால் நட்டம் 18,471, விலகினால் 18,424. இந்தமுறை ஆடியதால் 47 டாலர் அதிகமாகப் போகிறது. நாலுக்கும் மூணுக்கும் நடுவில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. யாரோ பழக்கத்தில் சொல்லிவைத்த விதியல்ல இது. எண்ணி முடித்தபின் கோடு தானாக அந்த இடத்தில் விழுகிறது.

கோட்டைப் பயன்படுத்தும்போது பெரிய சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். முதல் சீட்டு ராஜா அல்லது ஏஸ் என்றால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை, ஆடுங்கள். ராணி என்றால் இரண்டாவது சீட்டைப் பாருங்கள். 7 அல்லது மேல் என்றால் ஆடுங்கள், மூன்றாவது எதுவானாலும் சரி. ராணி-7-2 ஆட வேண்டிய கை. இதில் பலர் தவறுவார்கள், 2 என்பது 4-ஐவிடச் சின்னது என்று பார்த்து விலகிவிடுவார்கள். இரண்டாவது சீட்டு 5 அல்லது கீழ் என்றால் விலகுங்கள். ராணி-5-4 விலக வேண்டிய கை. இரண்டாவது சரியாக 6 ஆக இருந்தால் மட்டுமே மூன்றாவதைப் பார்க்கும் வேலை: 5 அல்லது 4 என்றால் ஆடுங்கள், 3 அல்லது 2 என்றால் விலகுங்கள். ஜோடி, வரிசை, ஒரே இனம் போன்றவற்றைச் சொல்லவே வேண்டாம், எல்லாம் ஆடுபவை.

இப்படி ஆடினால் மூன்றில் இரண்டு பங்குக் கைகளை ஆடுவீர்கள். சரியாகச் சொன்னால் 67.4 சதவீதம்.

பயமா, பேராசையா

எந்தத் தவறு எவ்வளவு விலை என்று தெரிந்துகொள்வது, விதியைத் தெரிந்துகொள்வதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. ஏனென்றால் தொடக்கக்காரர்கள் ராணி-6-3-ஐ நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அது உண்மையில் சில்லறை விவகாரம். டீலரைப் போலவே "ராணி எதுவாக இருந்தாலும் ஆடுவேன்" என்று ஒருவர் வைத்துக்கொண்டால் காசினோவின் ஆதாயம், அதாவது அது சராசரியாக எடுத்துக்கொள்ளும் பங்கு, சரியாக ஆடும்போது முன்பந்தயத்தில் உள்ள 3.37 சதவீதத்திலிருந்து 3.45 ஆகும். 100 டாலருக்கு எட்டு சென்ட். நினைவில் வைக்கச் சிரமப்படுபவருக்கு இந்த எளிய விதியே போதும்.

பெரிய இழப்பு இரண்டு பக்கத்திலும் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம், எந்தக் கையையும் விடாமல் ஆடுபவர். அவருக்குக் காசினோ ஆதாயம் 7.65 சதவீதமாக ஏறிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல். மறுபக்கம், பயந்து விலகுபவர். ராஜா-3-2 கையைப் பாருங்கள். பார்க்கவே பரிதாபமான கை, இரண்டு சின்னச் சீட்டோடு ஒரு ராஜா. இன்னொரு 10 டாலரை வைக்க மனசு வராது. ஆனால் ராணியைத் தலையாகக் கொண்ட டீலரின் எல்லாக் கைகளையும் அது வெல்கிறது, அவை மட்டும் 2,374. தகுதி பெறாதவை 5,713. கூட்டிக் கழித்தால் ஆடினால் சராசரி இழப்பு 5 டாலர் 52 சென்ட். விலகினால் 10. ஒரே ஒரு தடவை பயந்து விலகியதற்கு நாலரை டாலர் கொடுக்கிறீர்கள். ராணி-6-3-ஐத் தவறாக ஆடினால் போவது மூன்று சென்ட்கூட இல்லை. 2.6 சென்ட்தான்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஏன் பணம் வைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். பாதிக்கு மேல் தோற்கும் கை அது, உண்மைதான். ஆனால் விலகினால் நூற்றுக்கு நூறு தடவையும் தோற்கிறீர்கள். 18,424 கைகளில் 10,311-இல் தோற்பதும் 18,424-இலும் தோற்பதும் ஒன்றல்ல. முதல் 10 டாலர் ஏற்கனவே ஆபத்தில் இருக்கிறது, இரண்டாவது 10 டாலர் அதை மீட்கப் போகிறது. இப்படி யோசித்தால் மனம் ஒப்புக்கொள்ளும்.

முன்பந்தயத்தோடு ஒரு போனஸும் உண்டு. தனிப் பணம் வைக்க வேண்டாம். வழக்கமாக வரிசைக்கு ஒன்று, ஒரே எண்ணில் மூன்றுக்கு நாலு, ஒரே இன வரிசைக்கு ஐந்து மடங்கு. டீலர் ஜெயித்தாலும் இது கிடைக்கும். மேலே சொன்ன 3.37 சதவீதம் இந்த 5-4-1 அட்டவணைக்கானது. 4-3-1 என்று போட்டிருக்கும் மேசையில் ஆதாயம் 3.83 ஆகும். ஆடும் விதியில் மாற்றம் எதுவும் இல்லை, போனஸ் வரும் கைகளை நாம் எப்படியும் விலக்கப் போவதில்லை.

பேர் பிளஸ்: ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்

பேர் பிளஸில் முடிவெடுக்க எதுவும் இல்லை. உங்கள் கையில் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் அட்டவணைப்படி பணம், இல்லாவிட்டால் வைத்தது போச்சு. டீலர் என்ன வைத்திருக்கிறார், தகுதி பெற்றாரா, உங்களை ஜெயித்தாரா என்பது இங்கே கணக்கில் இல்லை. ஜோடியோடு முன்பந்தயத்தில் தோற்று, பேர் பிளஸில் ஜெயிப்பது அடிக்கடி நடக்கும். விலகினால் பேர் பிளஸ் என்னாகும் என்று சிலர் கவலைப்படுவார்கள். நாம் விலகும் கைகள் எதிலும் ஜோடி கிடையாது, ஆகவே அது ஏற்கனவே தோற்றுப்போன பந்தயம்.

நுட்பம் இல்லையென்பதால் நீங்கள் செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனம் உட்காரும் முன் அட்டவணையைப் படிப்பது. துணியிலேயே அச்சிட்டிருப்பார்கள், அல்லது மேசையில் ஒரு பலகை இருக்கும். மிகப் பரவலான இரண்டு அட்டவணைகளில் ஒன்று: ஒரே இன வரிசைக்கு 40, ஒரே எண்ணில் மூன்றுக்கு 30, வரிசைக்கு 6, ஒரே இனத்துக்கு 4, ஜோடிக்கு 1. இன்னொன்றில் எல்லாம் அதேதான், ஒரே இனத்துக்கு மட்டும் 4-க்குப் பதில் 3.

ஒரு எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். 22,100 கைகளிலும் ஒவ்வொரு டாலர் வைத்துப் பார்ப்போம். ஒரே இன வரிசை 48 தடவை வரும், நாற்பதால் பெருக்கினால் 1,920 டாலர். ஒரே எண்ணில் மூன்று 52 தடவை, 1,560 டாலர். வரிசை 720 தடவை, 4,320. ஒரே இனம் 1,096 தடவை, நாலு வீதம் 4,384. ஜோடி 3,744 தடவை, அதே அளவு டாலர். மொத்த வரவு 15,928. ஒன்றுமே இல்லாத கைகள் 16,440, அத்தனையிலும் ஒவ்வொரு டாலர் போகிறது. நிகர நட்டம் 512 டாலர். 22,100-இல் அது 2.32 சதவீதம்.

இப்போது ஒரே இனத்துக்கு 3 என்று மாற்றினால் அந்த ஒரு வரியில் 1,096 டாலர் குறைகிறது. நட்டம் 512-இலிருந்து 1,608 ஆகிவிடுகிறது, 7.28 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல். 10 டாலர் வீதம் நூறு ஆட்டம் பேர் பிளஸ் ஆடினால் முதல் அட்டவணையில் சராசரியாக 23 டாலர் போகும், இரண்டாவதில் 73. அதே நூறு ஆட்டத்தில் முன்பந்தயத்தைச் சரியான விதிப்படி ஆடினால் போவது சுமார் 34 டாலர். ஆகவே 4 போட்டிருக்கும் மேசையில் பேர் பிளஸ் முன்பந்தயத்தைவிட மலிவான பந்தயம், 3 போட்டிருக்கும் மேசையில் அதைவிட இரண்டு மடங்கு விலை. பேர் பிளஸ் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை, எந்த மேசை என்றுதான் கேட்க வேண்டும்.

கண்ணை இழுப்பதற்காக மேல்வரியில் பெரிய எண்ணைப் போடுவார்கள், அதில் மயங்க வேண்டாம். ஒரே இன வரிசைக்கு 40-க்குப் பதில் 50 கொடுத்தாலும் உங்களுக்குத் திரும்புவது 480 டாலர்தான், ஏனென்றால் அது 460 கைகளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. ஒரே இனக் கை இருபதுக்கு ஒரு தடவை வருகிறது. அதில் ஒரு புள்ளி குறைப்பது மேலே பத்துப் புள்ளி கூட்டுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பணத்தை எடுத்துவிடும். அட்டவணையில் உங்கள் விரல் முதலில் போக வேண்டியது ஒரே இனத்துக்கான வரிக்கு.

இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொண்டு உட்காருங்கள்: நாலில் மூன்று கைகளில் பேர் பிளஸ் தோற்கும். ஏழெட்டு தடவை தொடர்ந்து ஒன்றுமில்லாமல் போவது சாதாரணம். "இவ்வளவு நேரம் வரவில்லை, அடுத்து வந்தே தீரும்" என்ற எண்ணம் அப்போதுதான் தலைதூக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. முந்தைய கைகளின் நினைவு கட்டுக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஆதாயம் காசினோ பக்கம்தான். மேலே சொன்ன 34 டாலரும் 23 டாலரும் சரியாக ஆடியதற்கான விலை. ஒரு மாலைப் பொழுதில் ஜெயித்தும் எழுந்து வரலாம், சராசரியைவிட மிக அதிகமாகத் தோற்றும் வரலாம். நூறு ஆட்டம் என்பது சராசரி தன் முகத்தைக் காட்டுவதற்குப் போதாத எண்ணிக்கை. ஆடுவதும் விலகுவதுமான கோடு இழப்பின் வேகத்தைக் குறைக்கும். இழப்பை லாபமாக்கும் வேறொரு கோடு இந்த மேசையில் வரையப்படவில்லை.